தேருக்குக் கடிவாளம் இல்லை, சிங்கத்துக்குச் சாட்டை இல்லை

போன இதழில் டாரோ சீட்டைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலே வரி பதில் எழுதினேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காதல், கல்யாணம், பிரிவு. அதிலும் பெரும்பாலோர் கேட்டிருப்பது இரண்டே இரண்டு சீட்டுகளைப் பற்றி: 'தேர்', 'வலிமை'. "இந்த உறவுக்காகப் போராடுவதா, விட்டுவிடுவதா?" என்று கேட்டுச் சீட்டு எடுத்தால் இவற்றில் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கூட்டணி முறிவுக்கும் பதில் இதிலேயே கிடைக்கலாம்.

டாரோவைப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டு சீட்டிலும் அப்படி என்ன படம் இருக்கிறது?
*(வாசகர், கும்பகோணம்)*

கடையில் பரவலாகக் கிடைப்பது 1909-இல் லண்டனில் வெளிவந்த கட்டு. எழுபத்தெட்டு சீட்டுகள். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் படம் வரைந்தார். பெயர் மட்டும் வெகுகாலம் 'ரைடர்-வெய்ட்' என்றே வழங்கியது. ரைடர் பதிப்பாளர், வெய்ட் யோசனைக்காரர். வரைந்தவரைப் பெயரில் சேர்க்கப் பிற்பாடுதான் ஆட்களுக்குத் தோன்றியது.

'தேர்' ஏழாம் சீட்டு. கவசம் பூண்ட இளைஞன் நட்சத்திர விதானத்தின் கீழ் நிற்கிறான். கையில் ஒரு கோல். பின்னால் மதிலும் ஊரும். தேருக்கு முன் கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு ஸ்பிங்ஸ்கள், அதாவது மனித முகமும் சிங்க உடலும் கொண்டவை. இரண்டும் சாவகாசமாகப் படுத்திருக்கின்றன. கடிவாளம் கிடையாது. நம்மூர்த் தேருக்காவது வடம் உண்டு!

'வலிமை' எட்டாம் சீட்டு. வெள்ளை உடையில் ஒரு பெண். தலையில் பூ, இடுப்பில் பூச்சரம், தலைக்கு மேலே படுக்கவைத்த எட்டு போல முடிவிலிக் குறி. குனிந்து ஒரு சிங்கத்தின் வாயில் கை வைத்திருக்கிறாள். சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு அவளை அண்ணாந்து பார்க்கிறது. கையில் கத்தியில்லை, சாட்டையில்லை.

இரண்டுமே 'போராடு' என்றுதானே சொல்கின்றன? பிறகு எது வந்தால் என்ன?
*(வாசகி, திருச்சி)*

மருந்து என்று பார்த்தால் தலைவலிக்கும் மருந்து, வயிற்றுவலிக்கும் மருந்து. மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது. தேர் வந்தால் தடை வெளியே இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. வீட்டு எதிர்ப்பு, தூரம், வேலை மாற்றல், பணம். இரண்டு பேருக்கும் விருப்பம் இருக்கிறது, நடுவில் ஏதோ நிற்கிறது என்றால் அது தேரின் வேலை. போய்ச் சேர வேண்டிய ஊரைத் தீர்மானி, கிளம்பு. வலிமை வந்தால் தடை உள்ளேயே இருக்கிறதா என்று தேட வேண்டும். கோபம், சந்தேகம், பழைய காயம், வாய்த்துடுக்கு. அங்கே கிளம்பிப் போக ஊரே இல்லை. இருக்கிற இடத்திலேயே, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மிருகத்தோடு பழக வேண்டும்.

காலக்கணக்கும் வேறு. தேர் நாள் குறித்துச் செய்யும் காரியம். வலிமைக்கு நாள் குறிக்க முடியாது. தலைக்கு மேல் முடிவிலியைப் போட்டுவிட்டு, எத்தனை மாதம் ஆகும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதில் அர்த்தமில்லை.

ஆக, சீட்டு எடுத்ததும் கேட்க வேண்டியது 'ஜெயிப்பேனா?' அல்ல. 'சிங்கம் மதிலுக்கு அந்தப் பக்கமா, என் வீட்டுக்குள்ளா?' என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே விடை தெரிந்துவிடும். மீதிப் பேர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மூன்று வருடக் காதல். அவர் அம்மாவுக்கு நான் பிடிக்கவில்லை. "பொங்கல் முடியட்டும், பேசுகிறேன்" என்று இரண்டு பொங்கலாகச் சொல்கிறார். மூன்று சீட்டு எடுத்தேன். 'தடை என்ன' என்பதற்குக் காசு பத்து. 'அவர் எங்கே நிற்கிறார்' என்பதற்குக் கோப்பை நான்கு. 'ஆலோசனை' இடத்தில் தேர். நானே நேராகப் போய் அந்த அம்மாவிடம் பேசிவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
*(பெயர் வேண்டாம், சேலம்)*

பஸ் ஏறிவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் இருங்கள்.

காசு பத்தைப் பாருங்கள். வளைவு வாசல், அருகே வெள்ளைத்தாடிக் கிழவர், இரண்டு நாய்கள், ஓர் ஆணும் பெண்ணும், ஒரு குழந்தை, சுற்றிலும் பத்துக் காசு. குடும்பம், சொத்து, பரம்பரை. தடை வீட்டார் என்று நீங்கள் சொன்னதையே சீட்டும் சொல்கிறது. சரி, இது வெளித்தடைதான், தேருக்கு ஏற்ற வேலை என்றுதான் முதலில் எனக்கும் பட்டது.

ஆனால் நடுச்சீட்டை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். கோப்பை நான்கில் ஓர் இளைஞன் மரத்தடியில் கை கட்டி, கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் 'பொங்கல் முடியட்டும்' ஆசாமிக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை யாரும் வரைந்துவிட முடியாது.

இப்போது தேருக்கு வாருங்கள். இழுப்பதற்கு இரண்டு பேர். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கடிவாளம் இல்லாததால் இழுத்துத் திருப்ப வழியில்லை. இரண்டும் தாமாக ஒரே திசையில் எழுந்தால்தான் தேர் நகரும். ஒன்று எழுந்து மற்றது படுத்தே கிடந்தால் தேர் ஓடாது, நின்ற இடத்தில் சுற்றும். நீங்கள் தனியாக அந்த அம்மாவைப் பார்க்கப் போவது அப்படித்தான் முடியும். அவர் முதல் கேள்வியே "என் பையன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?" என்பதாக இருக்கும். என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

தேர் சொல்லும் யோசனையை இப்படிப் படித்துக்கொள்ளுங்கள். முதல் பேச்சு அவரோடு. அதில் மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: ஒரு தேதி, போய்ச் சேரும் ஊர், ஆளுக்கு ஒரு வேலை. தேதி என்றால் பண்டிகை இல்லை, காலண்டரில் கிழிபடும் தேதி. ஊர் என்றால் வீட்டார் கடைசிவரை சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கான பதில். பதிவுத் திருமணமா, இன்னும் ஒரு வருடமா, அல்லது முடியாதா? வேலை என்றால், அவர் அம்மாவிடம் பேசுவது அவருடைய வேலை. அதை நீங்கள் செய்ய முடியாது. உங்கள் வீட்டில் சொல்வது உங்களுடையது. சொல்லியாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சும்மா கேட்டேன்.

அந்தத் தேதி வந்து, ஒன்றும் நடக்காமல் போனால், தடை அந்த அம்மா இல்லை என்று தெரிந்துவிடும். இத்தனை நாள் மாமியார் என்று நினைத்துப் பயந்தது மரத்தடி ஆசாமியைத்தான். அப்போதும் தேர்ச் சீட்டு உங்களுக்கு உதவும். படத்தில் அந்த இளைஞன் ஊருக்குள்ளே போகவில்லை, ஊரை முதுகுக்குப் பின்னால் விட்டு நிற்கிறான். 'போராடி அடை' என்று மட்டுமே தேரைப் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விட்டுக் கிளம்புவதும் தேர்தான்.

மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. சீட்டு எடுத்தேன், வலிமை வந்தது. நண்பன் "சிங்கம் மாதிரி போய்க் கூட்டிட்டு வாடா" என்கிறான். போகலாமா?
*(வாசகர், திருப்பூர்)*

உங்கள் நண்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

படத்தில் சிங்கம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெண் அதன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். திறக்கிறாளா மூடுகிறாளா என்று பழைய கட்டுகளை வைத்துச் சிலர் வாதாடுவது உண்டு. ஆனால் வெய்ட் தன் விளக்க நூலில் மூடுகிறாள் என்றே எழுதியிருக்கிறார். ஆக, உங்களுக்கு வந்த ஆலோசனையின் நேர்ப்பொருள்: வாயை மூடு. அதையும் அவள் வாயை என்று படித்துவிடாதீர்கள். சீட்டு எடுத்தவர் நீங்கள், சிங்கமும் உங்களுடையது.

போங்கள், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நண்பரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மாமனார் முன்னால் பஞ்சாயத்து வைக்காதீர்கள். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஆரம்பிக்காதீர்கள், பதில் வந்துவிடும். என்ன நடந்தது என்று மனைவியைச் சொல்லவிட்டு, முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள். கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்கள் சிங்கம் நாலு தடவை வாயைத் திறக்கும். ஒவ்வொரு தடவையும் அதை மூடுவதுதான் அந்தச் சீட்டு. வரும்போது அவர் கூட வராமலும் போகலாம். வலிமைச் சீட்டில் யாரும் யாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதாகப் படமில்லை.

புலியை முறத்தால் விரட்டினாளே நம் தமிழ்ப்பெண், அவள்தானே இந்த வலிமைச் சீட்டு?
*(வாசகர், மதுரை)*

இல்லை ஐயா. முறம் எடுத்தால் அது வேறு சீட்டு. வேடிக்கை என்னவென்றால், அப்படியும் ஒரு சீட்டு இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் மிலான் அரச குடும்பத்துக்காகத் தீட்டிய விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா கட்டில், வலிமைச் சீட்டில் ஓர் ஆண் குண்டாந்தடியை ஓங்கிக்கொண்டு சிங்கத்தை அடிக்கப் போகிறான். அதே கட்டில் தேரில் இருப்பது யார் தெரியுமா? ஒரு பெண். சிறகுள்ள இரண்டு வெள்ளைக் குதிரைகள் இழுக்க, கம்பீரமாகப் போகிறாள்.

பிற்பாடு வந்த கட்டுகளில் தேரில் ஆணும், சிங்கத்திடம் பெண்ணும் நிலைத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் சிலர், ஆணுக்குத் தேர், பெண்ணுக்குப் பொறுமை என்று படித்துத் தொலைக்கிறார்கள். ஆணுக்கு வலிமை வந்தால் 'சிங்கம் மாதிரி போடா', பெண்ணுக்கு வந்தால் 'அனுசரிச்சுப் போம்மா'. சீட்டு ஒன்றுதான், சொல்கிறவரின் புத்திதான் இரண்டு.

தேர் எத்தனை குதிரைசக்தி?
*(வாசகர், ஆவடி)*

பூஜ்யம். ஸ்பிங்ஸ்.

என் கட்டில் வலிமைக்கு எட்டாம் எண். தோழியின் பிரெஞ்சுக் கட்டில் பதினொன்று. யாருடையது போலி?
*(வாசகி, புதுச்சேரி)*

இரண்டும் அசல். மார்செய் வகைக் கட்டில் எட்டு நீதி, பதினொன்று வலிமை. லண்டனில் 1888-இல் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சங்கத்தார் சீட்டுகளுக்கு ராசி பொருத்தினார்கள். சிங்கம் இருப்பதால் வலிமை சிம்மம், தராசு இருப்பதால் நீதி துலாம். வரிசையில் துலாம் முன்னாலும் சிம்மம் பின்னாலும் வந்து இடித்தது. இரண்டையும் இடம் மாற்றினார்கள். வெய்ட்டும் பமீலாவும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள், மாற்றம் அவர்கள் கட்டிலும் ஏறிவிட்டது. அந்தக் கணக்கில் தேர் கடகம். கடகத்துக்கு அடுத்தது சிம்மம் என்று உங்கள் பாட்டிக்கும் தெரியும்.

எனக்கு ஆலோசனை இடத்திலேயே இரண்டும் சேர்ந்து வந்தன. ஒன்று ஓடு என்கிறது, ஒன்று உட்கார் என்கிறது. நான் துபாயில், அவள் தஞ்சாவூரில். தினமும் போனில் சண்டை. எதைக் கேட்பது?
*(தமிழ் வாசகர், துபாய்)*

எது முதலில் வந்தது என்று எழுதவில்லையே தம்பி. பரவாயில்லை, உங்கள் கதையிலேயே வரிசை இருக்கிறது.

உங்களிடம் இரண்டு தடையும் இருக்கின்றன. தூரம் வெளியே, சண்டை உள்ளே. தூரத்துக்கு மருந்து தேர்: லீவு போட்டு ஊருக்கு வருவது, அல்லது இன்னும் எத்தனை மாதம் அங்கே என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவது. ஆனால் சண்டை ஓயாமல் டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும்? முப்பது நாள் லீவில் இருபத்தைந்து நாள் நேரில் சண்டை போடுவீர்கள், விமான டிக்கெட் செலவோடு. ஆகவே முதலில் வலிமை, பிறகு தேர். சீட்டு வரிசையில் ஏழுக்குப் பிறகுதான் எட்டு, வாழ்க்கையில் பல பேருக்கு எட்டிலிருந்து ஏழு.

சின்ன சோதனை ஒன்று. கடைசிப் பத்துச் சண்டைகள் எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'ஏன் போன் எடுக்கவில்லை', 'யாரோடு இருந்தாய்' என்று எட்டு வந்தால் அது சிங்கம். அங்கிருந்தும் கடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்தும் கடிக்கும். 'எப்போது வருவாய்' என்பதே எட்டு வந்தால் சிங்கமே இல்லை. அந்தப் பெண் தேதிதான் கேட்கிறாள், சொல்லித் தொலையுங்கள்.

தேர் தலைகீழாக வந்தால்?
*(வாசகர், ஈரோடு)*

வெய்ட் கொடுக்கும் பொருள்களில் கலகம், தகராறு, வழக்கு, தோல்வி எல்லாம் உண்டு. உறவுக்காகப் போராடுகிறேன் என்று கிளம்பி, உறவோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு வரும் சீட்டு. எதிராளி யார் என்பது மறந்துவிட்டது, ஜெயிப்பது மட்டும் நினைவிருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் அவரிடம் பேசும்போது தேதியும் நேரமும் ஆதாரமுமாகப் பேசுகிறீர்கள் என்றால் வக்கீல் வேலை ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

கணவர் அடிக்கிறார். இரண்டு வருடமாக. ஒரு சீட்டுக்காரரிடம் போனேன். வலிமை வந்தது. "உன் அன்பால் சிங்கத்தை அடக்கலாம், பொறுமையாக இரு" என்றார். இன்னும் எவ்வளவு நாள்?
*(ஊரும் வேண்டாம்)*

ஒரு நாளும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு நகைச்சுவை இல்லை அம்மா.

சீட்டைக் கீழே வையுங்கள். அந்தப் படத்தில் சிங்கம் கடிக்கவில்லை. கடிக்கிற இடத்தில் அந்தச் சீட்டு செல்லாது. எடுத்தவருடைய சிங்கத்தை எடுத்தவர் பழக்குவதற்கான படம் அது. அடுத்தவர் கையை ஓங்குவதை நீங்கள் பழக்க முடியாது, பழக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை. பழைய நூல் வழியே பேசுவதானாலும், இந்தச் சீட்டின் தலைகீழ்ப் பொருள்களில் முதலில் வருபவை கொடுங்கோன்மையும் அதிகாரத்தைத் தவறாகச் செலுத்துவதும். அந்தச் சீட்டுக்காரர் அதைப் படித்திருக்க வேண்டும்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் அந்தச் சட்டம் தருகிறது. இதைப் படித்த கையோடு, நம்பிக்கையான ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

வேண்டிய சீட்டு வரும்வரை கலைத்துக் கலைத்து எடுக்கலாமா?
*(வாசகி, நாகர்கோவில்)*

எடுக்கலாம். எந்தச் சீட்டு வந்ததும் நிறுத்தினீர்களோ, அதுதான் நீங்கள் எடுத்த முடிவு. கட்டுக்கு அதில் பங்கில்லை.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கு எந்தச் சீட்டு?
*(தமிழாசிரியர், கரூர்)*

ஏழில் ஏறி வந்து எட்டில் இறங்கியவன். போகிற வழியில் ஒரு கொடி தவிப்பதைக் கண்டு, ஊர் போய்ச் சேருவது அப்புறம் ஆகட்டும் என்று நடந்தே போனான். பாரியின் சாரதி என்ன நினைத்தான் என்பதுதான் எனக்கு நெடுநாள் சந்தேகம்.

இதெல்லாம் எகிப்திலிருந்து வந்த ரகசிய ஞானமாமே?
*(வாசகர், வேலூர்)*

அப்படி 1781-இல் எழுதியவர் கூர் த ஜெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர். ஆதாரம் எதுவும் தரவில்லை. இது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். குறி சொல்லும் பழக்கம் பரவியது பின்னாலே, பதினெட்டாம் நூற்றாண்டில். முன்னூறு வருடத்துக்கு மேல் தேரையும் வலிமையையும் வைத்துச் சும்மா விளையாடினார்கள். அந்த ஆட்டத்தில் பெரிய எண்ணுள்ள சீட்டு சின்னதை வெட்டும், அவ்வளவுதான். உறவுக்கு அந்த விதி செல்லாது, முயன்று பார்க்க வேண்டாம்.

நீங்கள் எப்போதாவது உங்களுக்காக எடுத்ததுண்டா? பலித்ததா?
*(வாசகி, காரைக்குடி)*

ஒரே ஒரு தடவை. இருபத்தெட்டு வயதில். ஆலோசனை இடத்தில் தேர் வந்தது. அந்த இடத்தில் வருவது 'என்ன செய்யலாம்' என்ற யோசனை, 'என்ன நடக்கும்' என்ற முடிவு அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது. தேர் என்றால் வெற்றி என்று படித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராத்திரி பஸ் பிடித்து, விடிகாலையில் அவர் ஊரில் இறங்கினேன். வாசலில் பெரிய கோலம், பந்தல்கால், வாழைமரம். நிச்சயதார்த்தம். யாரோ உறவுக்காரப் பையன் என்று நினைத்து உள்ளே உட்காரவைத்து டிபன் போட்டார்கள். கேசரியில் முந்திரி நிறைய இருந்தது.